சாப்பாட்டுக்குப் பின்னும் மாத்திரைக்குப் பின்னும் வரும் காணாக்கடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்று இரவு சாப்பிட்ட பிறகு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. இது அலர்ஜிதானா?

காரணத்தைத் தேடுவதற்கு முன், வந்தது காணாக்கடிதானா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பூச்சி கடித்தது என்று கண்ணுக்குத் தெரியாமல் திடீரென உடல் தடிப்பதால் நம் முன்னோர் வைத்த பெயர் அது. வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுக்கும் வழக்கமும் அந்தப் பூச்சி நினைப்பில் வந்ததுதான். உண்மையில் கடித்தது எதுவும் இல்லை. தோலுக்குள் இருக்கும் மாஸ்ட் செல்கள் எனும் எதிர்ப்பு அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அதனால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, நீர் தேங்கிய இடம் மேடாக எழும்புகிறது. கடுமையாக அரிக்கிறது.

இந்தத் தடிப்புக்கு ஒரு குணம் உண்டு: அது ஓர் இடத்தில் நிலைக்காது. காலையில் தொடையில் இருந்தது மதியம் மறைந்து, மாலையில் முதுகில் முளைக்கும். ஆகவே எளிய சோதனை ஒன்று போதும். ஒரு தடிப்பின் விளிம்பைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிவையுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குள் கோட்டுக்குள் தோல் வழுவழுப்பாகி, தழும்போ நிறமாற்றமோ இல்லாமல் பழையபடி ஆகிவிட்டால் அது பெரும்பாலும் காணாக்கடி. 24 மணி நேரத்துக்கு மேலும் அதே இடத்தில் நின்றாலோ, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுந்தாலோ, போனபின் காயம்பட்டது போன்ற கறையை விட்டாலோ அது வேறு வகை. மருத்துவர் பார்க்க வேண்டியது.

பாடப் புத்தகங்களில் ‘சிவந்த தடிப்பு’ என்று எழுதியிருப்பதை நம் மாநிறத்திலும் கறுத்த தோலிலும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நம் தோலில் சிவப்பைவிட மேடுதான் முதலில் தெரியும். அறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தோலுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு தடிப்பும் நிழல் விழுந்து துலங்கும். விரலால் தடவினாலும் கைக்குப் புலப்படும்.

காணாக்கடி என்று உறுதியானாலும் அது ஒவ்வாமை என்று ஆகிவிடாது. சில நாட்கள் வந்து போகும் காணாக்கடிக்கு, குறிப்பாகக் குழந்தைகளிடம், மிகவும் பொதுவான காரணம் சளி, காய்ச்சல் தரும் வைரஸ் தொற்றுதான். அந்த வாரத்தில் சாப்பிட்ட ஏதோ ஒன்று அநியாயமாகப் பழி சுமக்கிறது.

சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம்?

வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, இறால், நண்டு போன்றவற்றால் வரும் உண்மையான உணவு ஒவ்வாமை பொதுவாகச் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும். அதைவிட முக்கியமான அடையாளம், அதே உணவை உண்ணும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே போல வரும் என்பது. வந்தது ஒரு நாளுக்குள் அடங்கவும் வேண்டும். இரவு சாப்பிட்டு மறுநாள் மாலை தடித்தது என்றால் அந்தச் சாப்பாட்டின் மேல் உள்ள சந்தேகத்தை அநேகமாக விட்டுவிடலாம். திங்கட்கிழமை சாப்பிட்ட இறாலுக்கு வியாழக்கிழமை வரை புதிது புதிதாகத் தடிப்பு வந்துகொண்டே இருந்தாலும், குற்றவாளி இறால் அல்ல.

மாத்திரைக்கும் இதே கணக்கை வைக்கலாம். உடனடி ஒவ்வாமை பெரும்பாலும் மருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், அரிதாகச் சில மணி நேரத்துக்குள் வரும். ஊசியாகப் போட்டால் நிமிடங்களில் வரும். மருந்தைத் தொடங்கிப் பல நாட்கள் கழித்து வரும் பொரிப்பு வேறு கதை. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எனக்கு இறால் சாப்பிட்டால்தான் வருகிறது. ஆனால் எல்லா முறையும் வருவதில்லையே, ஏன்?

‘எல்லா முறையும் வருவதில்லை’ என்ற அந்த ஒரு வாக்கியத்தில்தான் துப்பு இருக்கிறது. இதே கேள்வியோடு வந்த, சரக்கு வண்டி ஓட்டும் ஒருவரின் கணக்கை அப்படியே தருகிறேன்.

ஆறு வருடங்களாக அவர் இறாலைத் தொடுவதில்லை. காரணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு இறால் தொக்கோடு சாப்பிட்டு, இரண்டரை மணிக்கெல்லாம் வயிறு, தொடை முழுக்கத் தடித்து, மாலைக்குள் ஒரு கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. வீட்டில் எல்லோரும் இறால்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அவரை உட்கார வைத்து, வாழ்நாளில் உடம்பு தடித்த நாட்களையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மூன்று நாட்கள் தேறின. ஒன்று, அந்த ஞாயிறு. இரண்டாவது, பல் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்ட இரவு. அன்று அவர் சாப்பிட்டது இட்லி. மூன்றாவது, கிளினிக்கில் இடுப்பு வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பும் வழியில் உதடு வீங்கியது. அதற்கு அவர் சொன்ன காரணம், அன்று குடித்த இளநீர்.

அந்த ஞாயிறன்று வேறு எதுவும் எடுத்தாரா என்று கேட்டபோது, சனிக்கிழமை பளு தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டதால் சாப்பிட்டவுடன் ஒரு வலி மாத்திரை போட்டதாக மெல்ல நினைவுக்கு வந்தது. பல் வலிக்கு வாங்கியதும் அதே ஐபுப்ரோஃபென். இடுப்புக்குப் போட்ட ஊசி டைக்ளோஃபெனாக். மாறாக, அந்த ஞாயிறுக்கு முந்திய இருபத்தைந்து வருடங்களில் எத்தனையோ முறை இறால் தின்று ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாட்களுக்கும் பொதுவாக நின்றது வலி மருந்து ஒன்றே. இறால் சாற்றைத் தோலில் வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் தோல் குத்துப் பரிசோதனையில் எதுவும் எழும்பவில்லை. பிறகு மருத்துவமனையிலேயே, கண்காணிப்பில், சிறிது சிறிதாகக் கூட்டி ஒரு முழுப் பங்கு இறால் சாப்பிட வைத்தோம். ஒன்றும் ஆகவில்லை.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை வேதியியலில் வெவ்வேறு பிரிவைச் சேர்ந்தவை. ஆனாலும் மூன்றும் உடலில் ஒரே நொதியைத் தடுக்கின்றன; சிலருக்கு அந்தத் தடையே மாஸ்ட் செல்களைக் கிளறிவிடுகிறது. இதில் எதிர்ப்புப் புரதம் எதுவும் ஈடுபடாததால் இரத்தப் பரிசோதனையில் பிடிபடாது. ஒன்றுக்குத் தடித்தவருக்கு மற்றதற்கும் தடிக்கக்கூடும் என்பதால், ‘ஐபுப்ரோஃபென் ஒத்துக்காது, டைக்ளோஃபெனாக் கொடுங்கள்’ என்று மாற்றி வாங்குவது பயன் தராது. இவர்களில் பெரும்பாலானோருக்குப் பாராசிட்டமால் வழக்கமான அளவில் ஒத்துக்கொள்ளும். அதையும் முதல் முறை மருத்துவர் கண்முன் போட்டுப் பார்ப்பது நல்லது.

உங்கள் கணக்கு வேறு மாதிரியும் இருக்கலாம். சிலருக்கு இறாலோ கோதுமையோ தனியாக ஒன்றும் செய்யாது. சாப்பிட்ட கையோடு ஓடினாலோ, வலி மாத்திரை போட்டாலோ, மது அருந்தினாலோதான் கிளம்பும். அவர்களுக்கு உள்ளுக்குள் உணவு ஒவ்வாமை உண்மையாகவே இருக்கிறது. இரண்டாவது காரணம் வாசலைத் தாண்ட வைக்கிறது. ஓட்டுநருக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் தின்று பார்த்துத் தீர்மானிக்க முயல வேண்டாம்.

மீன் சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து தலை வலித்தது. வீட்டில் மூன்று பேருக்கும் அப்படியே. குடும்பத்துக்கே மீன் அலர்ஜியா?

ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்ட மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒவ்வாமை வருவது மிக அரிது. இது பெரும்பாலும் மீன் கெட்டதால் வந்தது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களைப் பிடித்த பின் போதிய பனிக்கட்டி இல்லாமல் வைத்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் தசையில் ஹிஸ்டமினை உருவாக்கிவிடுகின்றன. நம் உடம்பு கொட்ட வேண்டிய ஹிஸ்டமினை மீனே கொண்டு வந்து கொட்டுவதால், ஒவ்வாமையைப் போலவே முகமும் கழுத்தும் சிவந்து, தலை இடித்து, படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரும். ஹிஸ்டமின் கொதித்தாலும் பொரித்தாலும் அழியாது. மீனின் நாற்றத்தில் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. வாயில் மிளகு கடித்தது போன்ற சுருக் என்ற சுவை இருந்ததாகச் சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சு முட்டினாலோ தலை சுற்றி மயக்கம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல மீனை நீங்கள் மூவரும் தாராளமாகச் சாப்பிடலாம்.

பையனுக்குக் காய்ச்சலுக்கு அமாக்சிசிலின் கொடுத்தோம். ஆறாம் நாள் உடம்பெல்லாம் பொரிந்துவிட்டது. இனி வாழ்நாள் முழுக்கப் பென்சிலின் கூடாதா?

அந்தப் பொரிப்பு எப்படி இருந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. நெஞ்சிலும் முதுகிலும் தொடங்கி, கை கால்களுக்குப் பரவி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகளாக, தட்டம்மையை நினைவூட்டும் விதமாக இருந்து, இடம் மாறாமல் சில நாட்கள் நின்று, கடைசியில் லேசாகத் தோல் உரிந்து போனால், அது காணாக்கடி அல்ல. தாமதமாக வரும் மருந்துப் பொரிப்பு. முதல் முறை மருந்து எடுப்பவருக்கு இது பெரும்பாலும் நான்காம் நாளிலிருந்து இரண்டாம் வார முடிவுக்குள் வரும். குழந்தைகளிடம் இதைத் தூண்டுவது பல நேரங்களில் மருந்தைவிட அந்தக் காய்ச்சலைத் தந்த வைரஸ்தான். பார்க்கப் பயமாக இருந்தாலும், இது மூச்சை அடைக்கும் வகையைச் சேர்ந்ததன்று. மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதை எழுதிய மருத்துவரே முடிவு செய்யட்டும்.

இதற்கு மாறாக, முதல் வேளை மருந்து கொடுத்த அரை மணியில் மேடு மேடாகத் தடித்து, உதடு வீங்கி, வாந்தி எடுத்திருந்தால் அது உடனடி ஒவ்வாமையாகவே கருதப்பட வேண்டும். பரிசோதித்துத் தெளிவாகும் வரை பென்சிலின் வகை எதையும் தரக்கூடாது.

மருத்துவச் சீட்டில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று சிவப்பு மையில் எழுதுவது எளிது, அழிப்பதுதான் கடினம். அப்படி எழுதப்பட்டவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்கிறது. ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தால் அவர்களுக்குக் காலமெல்லாம் விலை கூடிய, பக்க விளைவு மிகுந்த, சில நோய்களுக்கு அவ்வளவாக வேலை செய்யாத மாற்று மருந்துகள் கிடைக்கின்றன. ஆகவே ‘அலர்ஜி’ என்ற ஒற்றைச் சொல்லோடு விடாமல், எத்தனையாம் நாள், என்ன வடிவம், எத்தனை நாள் நின்றது என்பதையும் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு மாத்திரை போடும்போதெல்லாம் உதட்டுக்கு மேலே அதே இடத்தில் கறுத்துப் போகிறது. இதுவும் காணாக்கடியா?

இல்லை. இடம் மாறாத மருந்துப் படை என்று இதற்குப் பெயர். நாணயம் போன்ற வட்டமாகச் சிவந்து அல்லது கருநீலமாகி, எரிந்து, பிறகு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். அதே மருந்தை மறுபடி எடுத்தால் அதே வட்டம் சில மணி நேரத்தில் உயிர்பெறும். டினிடசோல், ஆர்னிடசோல், கோட்ரைமாக்சசோல், சில வலி மருந்துகள் ஆகியவை நம் ஊரில் அடிக்கடி இதைச் செய்கின்றன. மாத்திரை அட்டையைப் படம் எடுத்து வைத்து, அந்தப் பெயரை ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

எந்தத் தடிப்பைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும்?

இரண்டு வகை உண்டு. ஒன்று நிமிடங்களில் கொல்லக்கூடியது, மற்றது நாட்களில்.

முதல் வகையில், தோலைப் பார்த்து அவசரத்தை அளக்கக் கூடாது. உடம்பு முழுக்கத் தடித்தும் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருப்பவரைவிட, நான்கைந்து தடிப்போடு குரல் கரகரத்து, அடிக்கடி தொண்டையைச் செருமி, விடாமல் இருமுபவர்தான் ஆபத்தில் இருக்கிறார். மூச்சில் விசில் சத்தம், நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, கடுமையான வயிற்று வலி, தலை சுற்றல், குழந்தையானால் திடீரெனத் துவண்டு போவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தடிப்போடு சேர்ந்தால் அது அனாஃபிலாக்சிஸ். சிலருக்குத் தோலில் எதுவுமே தெரியாமலும் இது வரும்.

இரண்டாம் வகை, வலிப்பு மருந்துகளான கார்பமசெபின், ஃபெனிடோயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், சல்ஃபா மருந்துகள் போன்றவற்றைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் வருவது. காய்ச்சலும் கண் எரிச்சலும் முன்னே வர, தோல் அரிப்பதற்குப் பதில் வலிக்கும்; வாயிலும் பிறப்புறுப்பிலும் புண் தோன்றும்; கொப்புளம் எழும்; விரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழன்று வரும். இவற்றைக் கண்டால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்தால் போதாதா?

வெறும் தடிப்பும் அரிப்பும் மட்டும் என்றால் போதும். தூக்கம் வரவழைக்கும் பழைய மாத்திரைகளைவிட செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்றவை மேல். முதல் சில மணி நேரத்துக்கு யாராவது உடன் இருந்து மூச்சையும் குரலையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன அனாஃபிலாக்சிஸ் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போதாது. அது வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரமாவது ஆகும். தொடங்கினாலும் அரிப்பை அடக்குமே தவிர, அடைக்கும் தொண்டையைத் திறக்காது, விழும் இரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஸ்டீராய்டு ஊசியும் அப்படியே. இவற்றைச் செய்யும் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் பாதி, தொடையின் வெளிப்பக்க நடுவில் தசைக்குள் போடப்படும். குழந்தைக்கு எடையைப் பார்த்து, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடி போடுவார்கள்.

108-ஐ அழைத்துவிட்டு நோயாளியைக் கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சு வாங்குபவர் சாய்ந்து உட்காரலாம்; வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ‘கொஞ்சம் காற்று வாங்கட்டும்’ என்று எழுப்பி நடக்க வைப்பதுதான் நம்மிடம் அதிகம் நடக்கும் தவறு. இரத்த அழுத்தம் விழுந்திருப்பவர் திடீரென எழுந்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து அந்த நிமிடமே சாயக்கூடும். ஊசிக்குப் பின் நன்றாகிவிட்டாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்கச் சொல்வார்கள். சிலருக்கு அறிகுறிகள் மறுபடி திரும்பும் என்பதே காரணம்.

இரத்தப் பரிசோதனையில் முப்பது உணவுகளுக்கு அலர்ஜி என்று வந்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்தவா?

வேண்டாம். அந்தத் தாளில் இருப்பது பெரும்பாலும் ஐஜிஈ எனும் எதிர்ப்புப் புரதத்தின் அளவு. அது அந்த உணவை உடம்பு அடையாளம் கண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லும், தின்றால் தடிக்கும் என்று சொல்லாது. வீட்டுத் தூசிப் பூச்சிக்கும் கரப்பான் பூச்சிக்கும் ஒவ்வாமை உள்ளவருக்கு, அவற்றின் தசைப் புரதம் இறாலுடையதைப் போல இருப்பதால், நிம்மதியாக இறால் தின்பவராக இருந்தும் இறாலுக்கு ‘பாசிட்டிவ்’ வரும். தின்று ஒன்றும் ஆகாத உணவைத் தாளைப் பார்த்து நிறுத்தினால், குழந்தைகள் சத்துக் குறைந்து மெலிவதுதான் மிச்சம். ஐஜிஜி எனும் இன்னொரு எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்துச் சொல்லும் ‘உணவு ஒவ்வாமைப் பட்டியல்’ இன்னும் மோசம். நாம் வழக்கமாகச் சாப்பிடுவது எதுவோ அதைத்தான் அது காட்டும். கதை ஓர் உணவைச் சுட்டினால் அந்த ஓர் உணவுக்குச் சோதிப்பதுதான் முறை.

மூன்று மாதமாகத் தினமும் வருகிறது. கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்தியும் போகவில்லை.

ஆறு வாரத்தைத் தாண்டியும் அநேகமாகத் தினந்தோறும் வரும் காணாக்கடிக்கு உணவு காரணமாக இருப்பது மிகவும் அரிது. கரப்பான் பண்டம் என்று பாட்டி ஒதுக்கியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் தயிர்ச்சோற்றில் வந்து நிற்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். இது பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் மாஸ்ட் செல்களையே சீண்டுவதால் வருவது. சிலருக்குத் தைராய்டுக் கோளாறும் உடன் இருக்கும். தூக்கம் தராத அலர்ஜி மாத்திரையை அரிக்கும்போது மட்டும் போடாமல் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவர் அளவை நான்கு மடங்கு வரை கூட்டுவார். அதற்கும் மசியாதவர்களுக்கு ஓமலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது. வலி மாத்திரைகள் இவர்களில் சிலருக்குத் தடிப்பைக் கூட்டும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது கத்தரிக்காயைத் தவிர்ப்பதைவிடப் பலன் தரும்.

டாக்டரிடம் போகும்போது தடிப்பு மறைந்துவிடுகிறது. எதைக் காட்டுவது?

தடிப்பு இருக்கும்போதே பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு படங்கள் எடுங்கள், ஒன்று அருகில், ஒன்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியும்படி தள்ளி. பேனாக் கோட்டையும் எழுதிய நேரத்தையும் சேர்த்தே எடுங்கள். தடிப்பதற்கு முந்திய ஆறு மணி நேரத்தில் வாய்க்குள் போன எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். ‘மாத்திரை எதுவும் போடவில்லை’ என்று சொல்பவர்கள் தலைவலி மாத்திரையையும் மருந்துக்கடையில் பொட்டலமாகக் கொடுத்த செட்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் காலி அட்டைகளைக் குப்பையில் போடாமல் கொண்டு வாருங்கள். தோல் குத்துப் பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தால், அலர்ஜி மாத்திரையை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது உடம்பில் இருக்கும்வரை குத்திய இடம் எதற்கும் எழும்பாது.